ஓசூர் – மதுரை பணியிட மாற்றச் செலவுத் தொகை கோரும் கடிதம்

அனுப்புநர்
மேற்பார்வையாளர், குவாலிட்டி பிரிவு
பணியாளர் எண் 2174
கப்பலூர் கிளை, மதுரை

பெறுநர்
மேலாளர், மனிதவளப் பிரிவு
தலைமை அலுவலகம், ஓசூர்

நகல்: கணக்குப் பிரிவு, ஓசூர்

நாள்: 09.06.2025

பொருள்: பணியிட மாற்றத்தால் ஏற்பட்ட செலவு ரூ.1,05,532 – முன்பணம் ரூ.40,000 கழித்து மீதி ரூ.65,532 வழங்கக் கோருதல்.

பார்வை: 1. இடமாற்ற ஆணை, நாள் 11.04.2025. 2. நிறுவனத்தின் இடமாற்றக் கொள்கை, பிரிவு 4.

மதிப்பிற்குரிய மேடம்,

மேற்கண்ட ஆணைப்படி மே 5ஆம் தேதி திங்கட்கிழமை காலை கப்பலூர் கிளையில் பணியில் சேர்ந்தேன். மனைவி, மகள், என் அம்மா மூவரும் மே 16ஆம் தேதி மதுரை வந்துவிட்டார்கள். அம்மா என்னைச் சார்ந்து வாழ்பவர் என்பது ஏற்கெனவே என் பணிப் பதிவேட்டில் இருக்கிறது. குடும்பம் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும் என்று கொள்கை சொல்கிறது. இன்னும் ஒரு வாரம் இருந்தாலும், பில்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டதால் இன்றே அனுப்புகிறேன்.

கொள்கை அனுமதிக்கும் இனங்களை அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். ஐந்து இனங்களில் கேள்விக்கே இடமில்லை. சுமைகூலி, விடுதி வாடகை இரண்டிலும் உங்கள் முடிவு வேண்டும். தரகர் விஷயத்தில் ஒரு சிறு விளக்கம் இருக்கிறது.

4.1 பயணம்: ரூ.8,542

வீடு பார்க்க ஒரு முறை, இருவர் போய்வர அனுமதி உண்டு. ஏப்ரல் 19, 20 சனி, ஞாயிறு நானும் மனைவியும் வந்தோம். பேருந்து டிக்கெட் ரூ.620 வீதம் நான்கு, ரூ.2,480. அந்த இரண்டு நாளும் ஆட்டோவுக்கு ரூ.540 ஆனது. உள்ளூர்ப் பயணத்துக்கு ரூ.600 வரை ரசீது தேவையில்லை என்பதால் என் கையெழுத்திட்ட குறிப்பு மட்டும் இணைத்திருக்கிறேன்.

பணியில் சேர மே 4ஆம் தேதி வந்தது, குடும்பத்தை அழைத்துவர மே 14 இரவு திரும்பிப் போனது, இரண்டு டிக்கெட் ரூ.1,240.

மே 16 அன்று நால்வரும் சொந்தக் காரில் வந்தோம். ஓசூர் வீட்டு வாசலிலிருந்து திருநகர் வாசல் வரை மீட்டரில் 403 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ரூ.9 வீதம் ரூ.3,627. கிருஷ்ணகிரி தொடங்கி கொடைரோடு வரை சுங்கச்சாவடிகளில் போனது ரூ.655, ஃபாஸ்டேக் பட்டியல் இணைப்பில் உள்ளது. புறப்படும்போதும் வந்து சேர்ந்தபோதும் மீட்டரைப் படம் எடுத்து வைத்தேன். போன வருடம் இடம் மாறிய நண்பரிடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டதால் இந்த முன்னெச்சரிக்கை.

4.2 வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குதல்: ரூ.34,950

உச்சவரம்பு ரூ.35,000. மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, குறைந்த விலை சொன்னவரிடமே கொடுத்தேன். மூன்றும் இணைப்பில் உள்ளன. பேக்கிங், லாரி வாடகை சேர்த்து ரூ.27,500, அதற்கு 18% ஜிஎஸ்டி ரூ.4,950, ஆக பில் தொகை ரூ.32,450. பில் என் பெயரில்தான் இருக்கிறது. முதலில் போனில் பேசி பதிவு செய்தது மனைவி என்பதால் அவர் பெயரில் போட்டுவிட்டார்கள். அதை ரத்து செய்து புதுப் பில் வாங்கவே நான்கு நாள் ஆயிற்று. லாரி ரசீதில் மட்டும் இன்னும் பழைய பெயரே இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மீதி ரூ.2,500தான் நான் விளக்க வேண்டியது. திருநகரில் கிடைத்த வீடு இரண்டாவது மாடி. லாரியோடு வந்த ஆட்கள் கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரை ஏற்றிவிட்டார்கள். பீரோ மட்டும் முதல் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. சாய்த்தார்கள், கதவைக் கழற்றினார்கள், கால்களைக் கழற்றினார்கள், ம்ஹூம், மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் வெளியே போக முடியாமல் வாசலிலேயே நின்றார். ஒருவழியாகக் கீழே இறக்கிய பிறகு, இனி எங்களால் ஆகாது என்று ஆட்கள் கைவிரித்துவிட்டார்கள். பக்கத்து ஸ்டாண்டிலிருந்து நான்கு லோடுமேன்களைக் கூப்பிட்டேன். மொட்டை மாடியிலிருந்து வடக்கயிறு கட்டி, வெளிப்பக்கமாகத் தூக்கி, பால்கனி வழியாக உள்ளே இழுத்தார்கள். கூலி ரூ.2,500, ரொக்கம். அவர்களிடம் அச்சடித்த பில் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி, மூத்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வவுச்சரும், பீரோ கயிற்றில் தொங்கும் படமும் இணைத்திருக்கிறேன்.

பிரிவு 4.2இல் "ஏற்றி இறக்கும் கூலி உட்பட" என்று இருக்கிறது. பில் இல்லாத கூலி பற்றி அதில் எதுவும் இல்லை. உச்சவரம்பைத் தாண்டவில்லை என்பதையும் பார்த்து இதை அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வழியில் உடைந்த ஷோகேஸ் கண்ணாடிக்கு லாரிக்காரரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், அது இந்தக் கணக்கில் இல்லை.

4.3 இருசக்கர வாகனம்: ரூ.3,540

பைக் அதே லாரியில் வந்தாலும் தனிப் பில். ரூ.3,000, ஜிஎஸ்டி ரூ.540. வரம்பு ரூ.5,000.

4.4 தற்காலிகத் தங்கல்: ரூ.20,000

இது இரண்டாவது வேண்டுகோள். பத்து நாள், நாளுக்கு ரூ.2,000 வரை என்பது விதி. மே 4 இரவிலிருந்து மே 13 இரவு வரை மாட்டுத்தாவணி அருகே ஒரு விடுதியில் தங்கினேன். வழக்கமான வாடகை வரி உட்பட ரூ.1,680, வரம்புக்குள்தான். ஆனால் நான் பணியில் சேர்ந்த வாரம் சித்திரைத் திருவிழா. மே 8 மீனாட்சி திருக்கல்யாணம், மே 12 அழகர் ஆற்றில் இறங்கினார். அந்த நாட்களில் மதுரையில் அறை கிடைப்பதே பெரிய விஷயம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மே 7, 8, 11, 12 ஆகிய நான்கு இரவுகளுக்கு அதே அறைக்கு ரூ.3,360 வாங்கினார்கள். வேறு இடம் தேடிப் பார்த்தேன். ஆரப்பாளையம் பக்கம் கேட்ட இரண்டு இடங்களில் அறையே இல்லை, மூன்றாவது இடத்தில் இதைவிட அதிகம் சொன்னார்கள்.

கணக்கு இப்படி வருகிறது. ஆறு இரவு ரூ.10,080, நான்கு இரவு ரூ.13,440, மொத்தம் ரூ.23,520. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக வரம்பு வைத்தால் எனக்குக் கிடைப்பது ரூ.18,080. பத்து நாளையும் சேர்த்து மொத்த வரம்பாக எடுத்தால் ரூ.20,000. சேரும் தேதியை நான் தேர்ந்தெடுக்கவில்லை, ஆணையில் இருந்த தேதி அது. எனவே மொத்த வரம்பாகக் கணக்கிட்டு ரூ.20,000 தர வேண்டுகிறேன். அதற்கு மேல் போன ரூ.3,520ஐ நானே ஏற்றுக்கொள்கிறேன்.

4.5 உணவுப்படி: ரூ.4,000

பத்து நாள், நாளுக்கு ரூ.400. பில் தேவையில்லை.

4.6 வீட்டுத் தரகு: ரூ.11,500

ஒரு மாத வாடகை, அதிகபட்சம் ரூ.12,000. வீட்டு வாடகை ரூ.11,500, தரகரும் அதையேதான் வாங்கினார். அவரிடம் பில் புத்தகம் இல்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட ரசீது, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதற்கான பதிவு, வாடகை ஒப்பந்தத்தின் நகல் மூன்றும் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ் ரூ.80,000 திரும்பி வரும் பணம் என்பதால் கொள்கையில் இடமில்லை, கேட்கவும் இல்லை. கேஸ் டெபாசிட்டும் அப்படித்தான்.

4.7 பள்ளிச் சேர்க்கை: ரூ.8,000

மகள் ஐந்தாம் வகுப்பு. திரும்பக் கிடைக்காத சேர்க்கைக் கட்டணம் மட்டும், வரம்பு ரூ.10,000. பள்ளி ரசீது உள்ளது. சீருடை, புத்தகம், வேன் கட்டணம் சேர்க்கவில்லை.

4.8 குடியமர்வுத் தொகை: ரூ.15,000

ஒரே தொகையாக, பில் இல்லாமல் தரப்படுவது. திரைச்சீலை, மின்விசிறி மாட்டியது, தண்ணீர்க் குழாய் வேலை எல்லாம் இதற்குள் முடித்துக்கொண்டேன்.

மொத்தம் ரூ.1,05,532. ஏப்ரல் 28 அன்று பெற்ற முன்பணம் ரூ.40,000. மீதி ரூ.65,532. சுமைகூலி, விடுதி இரண்டு வேண்டுகோளையும் ஏற்க முடியாத பட்சத்தில் ரூ.4,420 குறைந்து ரூ.61,112 வரும். அப்படியானால் அந்த இரண்டுக்காக முழுக் கணக்கையும் நிறுத்தி வைக்காமல், மற்றதை இந்த மாதச் சம்பளத்தோடு கொடுத்துவிட்டால் நல்லது. அட்வான்ஸ், சேர்க்கைக் கட்டணம் எல்லாம் ஒரே மாதத்தில் போனதில் கை கொஞ்சம் இறுகியிருக்கிறது.

கணக்குப் பிரிவுக்கு ஒரு குறிப்பு. பணியிட மாற்றத்துக்கான பயணச் செலவு, சாமான் பேக்கிங், போக்குவரத்து ஆகியவற்றுக்குத் தரும் தொகைக்கு, உண்மையில் செலவான அளவுக்கு, வருமான வரிச் சட்டம் 10(14), விதி 2பிபி ஆகியவற்றின்படி விலக்கு உண்டு. போன வருடம் இங்கே வந்த ஒருவருக்கு முழுத் தொகையையும் சம்பளத்தோடு சேர்த்து டிடிஎஸ் பிடித்து, பிறகு ரிட்டர்னில்தான் திரும்ப வாங்கினார். 4.1, 4.2, 4.3 இனங்களைத் தயவுசெய்து தனியாகக் காட்டுங்கள். குடியமர்வுத் தொகைக்கு வரி பிடிப்பதில் எனக்கு மறுப்பில்லை.

மூலப் பில்கள் அனைத்தும் 1 முதல் 23 வரை எண்ணிட்டு, கிளையின் புதன்கிழமைத் தபால் பையில் அனுப்புகிறேன். ஸ்கேன் செய்த நகல் இந்தக் கடிதத்தோடு மின்னஞ்சலில் இருக்கிறது. விடுதி பில் எண் 14, லோடுமேன் வவுச்சர் எண் 9. கிளை மேலாளர் அனைத்தையும் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். ஏதாவது ஒரு தாள் குறைந்தால் கிளைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

மேற்பார்வையாளர், குவாலிட்டி பிரிவு
பணியாளர் எண் 2174
கப்பலூர் கிளை, மதுரை