நர்சிங் படிப்பு உதவித்தொகை: பணி ஒப்பந்தம்

இந்தத் தாளில் ‘நாங்கள்’ என்றால் மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளை. ‘நீங்கள்’ என்றால் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு எங்கள் உதவித்தொகை பெறும் மாணவி. உங்கள் அப்பா ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடுகிறார், அதனால் அவரும் முழுவதையும் படிக்க வேண்டும். பதினெட்டு வயது முடிந்த பிறகுதான் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறோம்.

நாங்கள் தருவது ஆண்டுக்கு 1,35,000 ரூபாய்: கல்லூரிக் கட்டணம் 75,000, விடுதியும் சாப்பாடும் 48,000, புத்தகம் சீருடைக்கு 12,000. நான்கு ஆண்டுக்கு மொத்தம் 5,40,000. கல்லூரி நடுவில் கட்டணத்தை ஏற்றினால் அந்த ஏற்றத்தையும் நாங்களே கட்டுவோம், உங்கள் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

இதற்குப் பதிலாக, படிப்பு முடிந்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு எங்கள் மருத்துவமனையில் 36 மாதம் வேலை செய்ய வேண்டும். சம்பளம், இரவுப் பணி, விடுப்பு எல்லாம் அதே வேலை செய்யும் மற்ற நர்சுகளுக்கு உள்ளதுதான், ஒப்பந்தத்தில் வந்தவர் என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் குறையாது. பதிவு எண்ணை எங்களிடம் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் நாங்கள் வேலை தரவில்லை என்றால் அது எங்கள் தவறு, ஒப்பந்தம் அதோடு முடிந்தது, நீங்கள் எதுவும் திருப்பித் தர வேண்டாம்.

பிரசவ விடுப்பும் சம்பளத்தோடு கூடிய மற்ற விடுப்புகளும் 36 மாதக் கணக்கில் சேரும். சம்பளமில்லாத விடுப்பு சேராது, அத்தனை நாள் பணிக்காலம் தள்ளிப்போகும். எம்.எஸ்சி. படிக்க விரும்பினால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், இரண்டு ஆண்டு வரை தள்ளி வைப்போம், அதற்கு வட்டி கிடையாது.

இனி நடுவில் விலகினால் என்ன ஆகும் என்பது. இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படிக்கும்போதே விலகினால்: கல்லூரியில் சேர்ந்த முதல் 90 நாளுக்குள் என்றால் எதுவும் தர வேண்டாம். அதற்குப் பிறகு என்றால் அன்று வரை உங்களுக்காக நாங்கள் உண்மையில் கட்டிய தொகையை, கட்டண ஏற்றம் நீங்கலாக, ரசீதுகளைக் காட்டி, திருப்பிக் கேட்போம். தேர்வில் தோற்பது விலகுவது ஆகாது. கூடுதலாக ஓராண்டு வரை காத்திருப்போம்.

வேலையில் சேர்ந்த பிறகு விலகினால்: முடித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 15,000 ரூபாய் கழியும். 20 மாதம் வேலை செய்துவிட்டுப் போகிறீர்கள் என்றால் மீதி 16 மாதம், ஆக 2,40,000 ரூபாய். இதற்கு மேல் அபராதம், பயிற்சிச் செலவு, ஆள் தேடும் செலவு என்று எதுவும் கேட்க மாட்டோம். ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பணத்தை ஒரேயடியாகக் கட்ட வேண்டியதில்லை. 24 சம தவணை, வட்டியில்லாமல், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள். மேலே சொன்ன கணக்கில் மாதம் 10,000. தவணை தவறினால் தவறிய அந்தத் தவணைக்கு மட்டும் ஆண்டுக்கு 8 சதவீதம் தனி வட்டி. தொடர்ந்து மூன்று தவணை நின்றால்தான் உங்கள் அப்பாவிடம் வருவோம், அதுவும் முதலில் கடிதம் எழுதி 30 நாள் பொறுத்த பிறகு. புதிதாக வேலைக்கு எடுப்பவர் உங்களுக்காகக் கட்டினாலும் வாங்கிக்கொள்வோம்.

யாரிடமும் பணம் கேட்காத நிலைகளும் உண்டு. இந்த வேலையைச் செய்ய முடியாதபடி நோயோ விபத்தோ வந்தால், உயிரிழப்பு நேர்ந்தால், பாக்கி முழுவதும் தள்ளுபடி, குடும்பத்திடம் போக மாட்டோம். வேலையிடத்தில் தொந்தரவு என்று நீங்கள் கொடுத்த புகார் விசாரணையில் உண்மை என்று தெரிந்து, அதனால் விலகினாலும் அப்படித்தான். ஆட்குறைப்பு செய்து நாங்களே அனுப்பினாலும் எதுவும் தர வேண்டாம். ஆனால் நோயாளிக்குக் கெடுதல் செய்தது, திருட்டு, போலிச் சான்றிதழ் என்று விசாரணையில் நிரூபணமாகி நீக்கப்பட்டால் மீதி மாதக் கணக்கு பொருந்தும்.

உங்கள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம். வேலையில் சேரும் நாளில் சரிபார்த்துவிட்டு அங்கேயே கையில் கொடுத்துவிடுவோம். பாக்கி இருந்தாலும் பணிச் சான்றிதழைத் தடுத்து வைக்க மாட்டோம், பணத்தை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. 36 மாதம் முடிந்த 15 நாளுக்குள், ஒப்பந்தம் தீர்ந்தது என்று கடிதம் தருவோம்.

இரண்டு பிரதி. இரண்டிலும் மூன்று தரப்பும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும்; ஒன்று உங்களிடம், ஒன்று எங்களிடம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏழு நாள் உண்டு, அதற்கு முன்னால் கையெழுத்துக் கேட்க மாட்டோம்.