வெள்ளிக்கிழமை கருத்தரங்கு: போஸ்டர் படத்தில் இருந்து எடுத்த நேர அட்டவணை

எல்லாருக்கும்,

இயற்பியல் துறை வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படம் பிடித்து நேற்று அனுப்பியிருந்தேன். பாதிப் பேருக்கு எழுத்தே தெரியவில்லை என்றீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் நடுவில் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்திருக்கிறது, கீழ்ப்பக்கம் ஒரு மடிப்பும் இருக்கிறது. அதனால் படத்தைப் பெரிதாக்கி வரிவரியாகப் படித்து முழுதாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். சந்தேகமான இடங்களையும் சொல்லியிருக்கிறேன்.

நாள்: 2026 மார்ச் 13, வெள்ளி. காலண்டரில் பார்த்துவிட்டேன், தேதியும் கிழமையும் பொருந்துகின்றன.

காலை

8.30 – 9.15: பதிவு. முதன்மைக் கட்டடம், தரைத்தளம்
9.30 – 10.00: தொடக்க விழா. கலையரங்கம்
10.00 – 11.00: சிறப்புரை, குறைகடத்திகள் பற்றி. கலையரங்கம்
11.00 – 11.15: இடைவேளை
11.15 – 12.45: ஆய்வுக் கட்டுரை வாசிப்பு. கருத்தரங்கக் கூடம் 1
11.15 – 12.45: ஆர்டுயினோ பயிற்சி. கணினி ஆய்வகம் 2 (30 பேருக்கு மட்டும், மடிக்கணினி அவசியம்)
12.45 – 1.30: மதிய உணவு

பிற்பகல்

1.30 – 2.30: வினாடி வினா, எழுத்துச் சுற்று. அறை 204 அல்லது 209
1.30 – 3.00: போஸ்டர் காட்சி. நூலகத்தின் முன் வராந்தா
2.45 – 3.15: தொலைநோக்கியில் சூரியன். அறிவியல் கட்டட மொட்டை மாடி (மேகமாக இருந்தால் கருத்தரங்கக் கூடம் 1இல் படக்காட்சி)
3.30 – 4.15: வினாடி வினா, இறுதிச் சுற்று. கருத்தரங்கக் கூடம் 2
4.30: பரிசளிப்பு, நிறைவு. கலையரங்கம்

பதிவு 9.15க்கு முடிந்துவிடும் என்பது போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது, நட்சத்திரக் குறி போட்டு. மேலே பெரிதாக இருப்பது 9.30 மட்டும்தான். அதைப் பார்த்து வந்தால் பதிவு மேசையை எடுத்திருப்பார்கள். தயவுசெய்து 9 மணிக்குள் வந்துவிடுங்கள்.

11.15 அமர்வுகளின் இடத்தைத்தான் நிறைய நேரம் உற்றுப் பார்த்தேன். போஸ்டரில் நேரம் இடப்பக்கம், இடம் வலப்பக்கம். இடைவேளை வரிக்கு இடம் எதுவும் இல்லாததால், அடுத்த வரிகளின் இடம் கொஞ்சம் மேலேறி நிற்கிறது. நேராகக் கோடு இழுத்துப் படித்தால் ‘கருத்தரங்கக் கூடம் 1’ இடைவேளைக்கும், ‘கணினி ஆய்வகம் 2’ கட்டுரை வாசிப்புக்கும் போய்விடும். பயிற்சிக்கு இடமே இருக்காது. இடைவேளையை விட்டுவிட்டு மேலிருந்து வரிசையாக எண்ணினால் வாசிப்பு கூடத்தில், பயிற்சி ஆய்வகத்தில் என்று சரியாக வருகிறது. ஆர்டுயினோவைக் கணினியில் இணைத்துத்தான் நிரல் ஏற்ற வேண்டும் என்பதால் ஆய்வகம் அதற்குத்தான் பொருத்தம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சூரியன் பார்க்கும் நேரம் மடிப்பில் விழுந்திருக்கிறது. 2.15ஆ 2.45ஆ என்று முதலில் குழப்பம். முடியும் நேரம் 3.15 என்று தெளிவாக இருக்கிறது, அமர்வின் பெயருக்குக் கீழே ‘அரை மணி நேரம்’ என்றும் இருக்கிறது. ஆகவே 2.45தான். வடிகட்டி பொருத்திய தொலைநோக்கி வழியாக மட்டும் பாருங்கள். வரிசையில் நிற்கும்போது வெறும் கண்ணாலோ, போன் கேமராவை வைத்தோ சூரியனைப் பார்க்க வேண்டாம்.

தீராதது ஒன்றுதான்: வினாடி வினா அறை. வெளிச்சம் சரியாகக் கடைசி இலக்கத்தின் மேல் விழுந்திருக்கிறது. 4 மாதிரியும் இருக்கிறது, 9 மாதிரியும் இருக்கிறது. ஊகித்து ஒன்றைப் போட்டு உங்களை அலையவிட எனக்கு மனமில்லை. இரண்டும் ஒரே தளம்தான், ஆனால் எதிரெதிர் முனை. நாளைக் காலை முதல் வகுப்புக்கு முன் துறைக்குப் போய் நேரில் பார்த்துச் சொல்கிறேன். யாராவது அதற்கு முன் அந்தப் பக்கம் போனால், கண்ணாடிக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வெளிச்சம் அடிக்காது.

அப்புறம், நம் வகுப்பில் போஸ்டர் வைக்கும் இருவரும் வினாடி வினாவுக்கும் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டும் 1.30க்கே தொடங்குகின்றன. நடுவர்கள் வரும்போது போஸ்டர் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. ஒருவர் எழுத்துச் சுற்றுக்குப் போய், ஒருவர் போஸ்டரோடு நிற்கலாமா? வினாடி வினா அணிக்கு இன்னொருவர் தேவைப்பட்டால் நான் வருகிறேன். இன்றிரவே முடிவு சொல்லுங்கள், பெயரை மாற்ற நாளைதான் கடைசி நாள்.