சித்தி அனுப்பிய இரண்டு பாக்கெட்டின் சத்து விவரம்

சித்தி, நீங்கள் அனுப்பிய இரண்டு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்து எழுதிவிட்டேன். சித்தப்பாவின் ஃபைலில் வைக்க வேண்டும் என்றீர்களே, கீழே உள்ள இரண்டு பட்டியலை மட்டும் பிரிண்ட் எடுத்தால் போதும். மற்றதெல்லாம் உங்களுக்கு.

முதலில், பாப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த உப்பு பிஸ்கட். பாக்கெட் மொத்தம் 255 கிராம். ஒரு வேளைக்கு 8 பிஸ்கட், அதாவது 28 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஊர் லேபிளில் ஒரு வேளைக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. 100 கிராம் கணக்கு நான் போட்டது: லேபிளில் உள்ளதை 100-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தேன்.

| சத்து | ஒரு வேளைக்கு (28 கிராம்) | 100 கிராமுக்கு |
|---|---|---|
| கலோரி | 140 | சுமார் 500 |
| மொத்தக் கொழுப்பு | 6 கிராம் | 21.4 கிராம் |
| நிறைவுற்ற கொழுப்பு | 1.5 கிராம் | 5.4 கிராம் |
| டிரான்ஸ் கொழுப்பு | 0 (0.5 கிராமுக்குக் கீழ்) | 1.8 கிராமுக்குக் கீழ் |
| கொலஸ்ட்ரால் | 0 (2 மில்லிகிராமுக்குக் கீழ்) | 7 மில்லிகிராம் வரை |
| சோடியம் | 230 மில்லிகிராம் | 821 மில்லிகிராம் |
| மாவுச்சத்து | 18 அல்லது 19 கிராம் | 64.3 அல்லது 67.9 கிராம் |
| நார்ச்சத்து | 1 கிராம் | 3.6 கிராம் |
| மொத்தச் சர்க்கரை | 2 கிராம் | 7.1 கிராம் |
| அதில் மேலே சேர்த்த சர்க்கரை | 2 கிராம் | 7.1 கிராம் |
| புரதம் | 3 கிராம் | 10.7 கிராம் |
| கால்சியம் | 30 மில்லிகிராம் | 107 மில்லிகிராம் |
| இரும்புச்சத்து | 1.1 மில்லிகிராம் | 3.9 மில்லிகிராம் |
| பொட்டாசியம் | 40 மில்லிகிராம் | 143 மில்லிகிராம் |

வைட்டமின் டி 0 என்று இருந்தது, அந்த வரியை விட்டுவிட்டேன்.

நிறைவுற்ற கொழுப்பு இருந்த இடத்தில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு எண்ணே தெரியவில்லை. பக்கத்தில் 8% என்பது மட்டும் தெரிந்தது. அமெரிக்கக் கணக்கில் ஒரு நாளைக்கு 20 கிராம். இந்த அளவில் அவர்கள் அரை அரை கிராமாகத்தான் எண் போடுவார்கள். 1 கிராம் என்றால் 5%, 2 கிராம் என்றால் 10%. எட்டு வருவது 1.5-க்கு மட்டும்தான், அதனால் அதைத் தைரியமாக எழுதினேன். சோடியத்திலும் கடைசி எண் மங்கலாக இருந்தது. 140 மில்லிகிராமுக்கு மேலே போனால் பத்து பத்தாகத்தான் போடுவார்கள் என்பதால் அது 230 தான், பக்கத்தில் இருந்த 10 சதவீதமும் ஒத்துப்போகிறது.

மாவுச்சத்துக்கு இந்த வித்தை பலிக்கவில்லை. பாக்கெட் மடிப்பு சரியாக இரண்டாவது எண்ணின் மேலே விழுந்திருக்கிறது. பக்கத்தில் 7% என்று இருக்கிறது, ஆனால் 18-க்கும் ஏழுதான் வருகிறது, 19-க்கும் ஏழுதான். கலோரியைக் கூட்டிப் பார்த்தேன்: ஒன்றில் 138, இன்னொன்றில் 142. இரண்டையும் 140 என்றுதான் அச்சடிப்பார்கள். அதனால்தான் பட்டியலில் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

அந்த இரண்டு பூஜ்யங்களையும் நான் ஏன் அப்படியே எழுதவில்லை என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஒரு வேளை அளவில் டிரான்ஸ் கொழுப்பு அரை கிராமுக்குக் கீழே இருந்தால் 0 என்று போட்டுக்கொள்ளலாம். 28 கிராமில் 0.4 இருந்தாலும் லேபிளில் பூஜ்யம்தான். அதை 100 கிராமுக்குப் பெருக்கி "0" என்று எழுதினால், லேபிள் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாகிவிடும். நிஜத்தில் மிகக் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வனஸ்பதி மாதிரி பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயை அங்கே 2018-லேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கலோரியும் இதே மாதிரிதான். 140 என்பது 135-லிருந்து 145 வரை எதுவாகவும் இருக்கலாம், அதனால் 100 கிராமுக்கு 480-க்கும் 520-க்கும் நடுவில் எங்கேயோ.

அடுத்தது, தி.நகரில் வாங்கிய கேழ்வரகு முறுக்கு. இதில் கணக்கு தலைகீழ். நம் ஊர் லேபிளில் 100 கிராமுக்கான எண் அச்சாகியிருக்கிறது, ஒரு வேளைக்கு 30 கிராம் என்று கீழே சின்னதாக இருக்கிறது. எல்லாவற்றையும் 0.3-ஆல் பெருக்கினேன்.

| சத்து | ஒரு வேளைக்கு (30 கிராம்) | 100 கிராமுக்கு |
|---|---|---|
| கலோரி | 153.6 | 512 |
| புரதம் | 2.5 கிராம் | 8.4 கிராம் |
| மாவுச்சத்து | 18.5 கிராம் | 61.5 கிராம் |
| மொத்தச் சர்க்கரை | 0.4 கிராம் | 1.2 கிராம் |
| அதில் மேலே சேர்த்த சர்க்கரை | 0 | 0 |
| மொத்தக் கொழுப்பு | 7.7 கிராம் | 25.8 கிராம் |
| நிறைவுற்ற கொழுப்பு | 3.4 கிராம் | 11.2 கிராம் |
| டிரான்ஸ் கொழுப்பு | 0.03 கிராம் | 0.1 கிராம் |
| கொலஸ்ட்ரால் | 0 | 0 |
| சோடியம் | 192 மில்லிகிராம் | 640 மில்லிகிராம் |

நார்ச்சத்து இதில் போடவே இல்லை. கேழ்வரகு என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் அதையும் போட்டிருக்கலாம்.

சோடியம் 640-ஆ 840-ஆ என்று முதலில் குழப்பம், ஆறின் மேலே எண்ணெய்க் கறை. பக்கத்தில் ஒரு வேளைக்கு 9.6% என்று தெளிவாக இருந்தது. நம் ஊரில் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் என்று வைத்துச் சதவீதம் போடுகிறார்கள். அதில் 9.6% என்றால் 192, அப்போது 640 தான். 840 என்றால் 12.6% வந்திருக்கும். ஒன்று கவனியுங்கள்: அமெரிக்காவில் அதே சோடியத்துக்கு 2300 வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அதனால் இரண்டு பாக்கெட்டின் சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். பிஸ்கட்டின் 10%, நம் கணக்கில் 11.5% ஆகிவிடும்.

சரி, நீங்கள் கேட்டது சித்தப்பாவுக்கு எது பரவாயில்லை என்று. 100 கிராம் பத்தியை வைத்துத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் ஒன்றில் வேளை அளவு 28, மற்றதில் 30. உப்பு என்று பார்த்தால் முறுக்கு குறைவு. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு வரும்: 100 கிராம் முறுக்கில் 1.6 கிராம் உப்பு, பிஸ்கட்டில் 2 கிராமுக்கு ஒரு துளி மேலே. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு முறுக்கில் இரண்டு மடங்கு. போட்டோ ஓரத்தில் பாமாலின் எண்ணெய் என்று இருக்கிறது, அதனால்தான். டாக்டர் உப்பை மட்டும் சொன்னாரா, கொழுப்பையும் சேர்த்துச் சொன்னாரா என்று அடுத்த முறை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், சித்தப்பா முப்பது கிராமோடு நிறுத்துகிறவரா என்பது உங்களுக்கே தெரியும். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே அறுபது கிராம் போனால் சோடியம் 384. சமையலறைத் தராசில் ஒரு நாள் அவர் எடுக்கிற கிண்ணத்தோடு நிறுத்துப் பாருங்கள்.

பிஸ்கட் பாக்கெட்டை இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பகலில், ஜன்னல் பக்கம், ஃபிளாஷ் இல்லாமல், மடிப்பை விரலால் இழுத்துப் பிடித்து, மாவுச்சத்து வரி மட்டும் தெரிந்தால் போதும். பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் 19 என்றே வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை இருக்கிறவருக்குக் கூடுதல் எண்ணை எடுப்பதுதான் நல்லது.