205 சிப்பம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் நெல் ஏற்றிக்கொண்டு நீடாமங்கலம் ரயிலடிக்குக் கிளம்பினேன். சம்பா அறுவடை நேரம், முந்தின ராத்திரி மழை வேறு. மதியம் மூன்று மணிக்குள் வேகன் நிரம்பிவிடும், அதற்குள் வா என்று போனுக்கு மேல் போன்.

பெரிய வாய்க்கால் பாலத்துக்குப் பத்தடி முன்னால் புதிதாக ஒரு போர்டு நட்டிருந்தார்கள். 15 டன்னுக்கு மேல் கனரக வாகனங்கள் செல்லத் தடை. போன வாரம் இதே பாலத்தில் போனபோது அந்த போர்டு இல்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

"அண்ணே, நம்ம லோடு எட்டரை டன்கூட இல்லையே" என்றான் கிளீனர் தம்பி.

"லோடு மட்டும் பறந்தா போவுது? வண்டியும் சேர்ந்துதான்டா பாலத்து மேல ஏறும்."

"ஆர்சி புக்குல பதினெட்டரை டன் போட்டிருக்கே."

அது வண்டி தாங்குவதற்கான கணக்கு, பாலம் தாங்குவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டு டேஷ்போர்டில் கிடந்த பழைய எடைச் சீட்டைத் தேடி எடுத்தேன். காலி வண்டி 6,410 கிலோ. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் இறங்கித்தான் நின்றோம், டேங்க் பாதி, தார்ப்பாய் வீட்டில் கிடந்தது. இதெல்லாம் நினைவில் இல்லையென்றால் அந்தச் சீட்டு வெறும் காகிதம்தான்.

சீட்டின் பின்பக்கமே எழுதினேன். 205 சிப்பம், சிப்பத்துக்கு 40 கிலோ, ஆக 8,200. கோணி ஒன்று அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும், அதுவே 120 ஆகிவிடுகிறது. எங்கள் இருவருக்கும் 140. காலையில் டேங்கை நிரப்பியிருந்தேன், பாதிக்கு மேல் போட்ட 80 லிட்டர் டீசலுக்கு 65 கிலோ. தார்ப்பாயும் கயிறும் நனைந்திருந்ததால் 60 வைத்தேன். கூட்டினால் 14,995.

"அஞ்சு கிலோ கம்மிண்ணே!" தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போயிடலாம்."

எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. டீக்கடைக்காரரும், காலையிலிருந்து நாலு வண்டி போயிருக்கிறது, நீங்க மட்டும் ஏன் யோசிக்கிறீங்க என்றார். ஆனால் அந்த 5 கிலோ உறுத்திக்கொண்டே இருந்தது. 15 டன்னில் 5 கிலோ என்பது என் மதியச் சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீர்க் கேனும்தான், அவை இரண்டையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங் பட்டைகள் லோடுக்கு இறங்கித்தான் கிடந்தன. நூறு கிலோ கூடவா குறைவா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தார்ப்பாயைத் தூக்கி ஓரத்து மூட்டையில் கை வைத்தேன், கோணி சில்லென்று இருந்தது, அழுத்தினால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டியது. நிலையத்தில் எடை போட்டு வெளியே அடுக்கி வைத்த பிறகு ராத்திரி மழையில் நின்ற மூட்டைகள் இவை. மூட்டைக்கு அரை கிலோ தண்ணீர் குடித்திருந்தாலும் நூறு கிலோ ஆச்சு.

அப்புறம் வாய்க்கால் கரையில் இறங்கிப் பாலத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து, கம்பிகள் செதில் செதிலாகத் துருப்பிடித்து வெளியே தெரிந்தன. ஒரு கம்பி நடுவில் விரல் தடிமன்கூட இல்லை. அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரம் மேலே இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள், மணிச் சத்தம் கீழே எனக்குக் கேட்டது. நாலு வண்டி போனது சரி, ஐந்தாவதாக என் வண்டி போய், பாலம் விரிசல் விட்டு, அப்புறம் அந்தப் பிள்ளைகள் எதன் மேல் போவார்கள்?

"தம்பி, பின்னாடி நின்னு சைகை காட்டு. ரிவர்ஸ் எடுக்கிறேன்."

"வேகன் போயிடும்ணே. சுத்திப் போனா பதினெட்டு கிலோமீட்டர்."

"போனா போவட்டும்."

வண்டியைத் திருப்ப இடமில்லாததால் அரை கிலோமீட்டர் பின்னாலேயே போனேன். இரண்டு பக்கமும் வயல், மழையில் இளகிய மண் கரை. பையன் பின்கதவைத் தட்டித் தட்டி "வரலாம், வரலாம், லெப்ட் ஒடி" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டே வந்தான்.

ரயிலடி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். வேகன் நிரம்பிவிட்டது, அடுத்ததற்கு நாளைக் காலை வரை நிற்க வேண்டும், ஒருநாள் வாடகை போச்சு. கேட்டில் இருந்தவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். இறங்காமலே எடை மேடையில் ஏற்றினோம். சீட்டை முதலில் வாங்கியவன் பையன்தான்.

15,150.

கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பேனாவை வாங்கி, அதன் பின்பக்கம் அவனே கணக்குப் போட்டான். "நம்ம கணக்குக்கு 155 கூடண்ணே. சிப்பத்துக்கு முக்கால் கிலோ தண்ணி." பழைய சீட்டோடு சேர்த்து மடித்து டேஷ்போர்டில் செருகிவிட்டு, மறுபடி தூறல் விழுகிறதென்று தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஏறினான்.