வீட்டைக் காலி செய்து தரக் கேட்டுக் கடிதம்

கோயம்புத்தூர்
20.12.2025

அனுப்புநர்: மு. சுந்தரராசன், வீட்டு உரிமையாளர்
பெறுநர்: திரு. க. செந்தில்குமார், கதவு எண் 14/2, தரைத்தளம், எல்லிஸ் நகர், மதுரை

பொருள்: சொந்தக் குடியிருப்புக்கு வீடு தேவைப்படுவதால் 31.05.2026-க்குள் காலி செய்து தருவது குறித்து

திரு. செந்தில்குமார் அவர்களுக்கு,

வணக்கம். வரும் மே 31-ஆம் தேதி நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இப்போது குடியிருக்கும் குவார்ட்டர்ஸை ஜூன் 30-க்குள் ஒப்படைத்தாக வேண்டும். என் தாயாருக்கு 81 வயது, வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். அவருக்குப் படி ஏறாத வீடு வேண்டும், எங்களுக்கு இருப்பது இந்த ஒன்றுதான். எனவே நீங்கள் குடியிருக்கும் தரைத்தளத்தை 31.05.2026 ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

01.07.2025 அன்று நாம் புதுப்பித்த 11 மாத ஒப்பந்தமும் அதே நாளில்தான் முடிகிறது. இந்த முறை புதுப்பிக்க இயலாது. ஒப்பந்தப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு போதும். ஆனால் மார்ச்சில் உங்கள் பாப்பாவுக்குப் பிளஸ் டூ தேர்வு, ஏப்ரலில் தம்பிக்கு ஆண்டுத் தேர்வு. நடுவில் வீடு மாற வேண்டாம் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

தேதியைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் கழிவறை வேலை. இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைத்து, சுவரில் கைப்பிடி அடித்து, வழுக்காத டைல்ஸ் ஒட்ட வேண்டும். அது காய்ந்து புழக்கத்துக்கு வர மூன்று வாரம் ஆகும். அதற்கு ஜூன் மாதம் ஒன்றுதான் கையில் இருக்கிறது. எவ்வளவு தேடியும் வீடு அமையவில்லை என்றால் மே 10-க்குள் சொல்லுங்கள். ஜூன் 7 வரை இருந்துகொள்ளலாம், நாளொன்றுக்கு ரூ.400 வீதம் வாடகை. அதற்கு மேல் என்னால் முடியாது.

முன்னதாகவே நல்ல வீடு கிடைத்தால் தாராளமாகப் போகலாம். ஒரு வாரம் முன்பு தெரிவித்தால் போதும். குடியிருந்த நாள் வரைக்கும்தான் வாடகை, நோட்டீஸ் காலத்துக்கென்று எதுவும் பிடிக்க மாட்டேன்.

உங்கள் அட்வான்ஸ் ரூ.36,000 என்னிடம் உள்ளது. புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், வீடு முடிவானதும் ரூ.18,000-ஐ உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். அதனால் கடைசி மாத வாடகைகளை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம். வழக்கம்போல 5-ஆம் தேதிக்குள் ரூ.12,000 வந்துவிடட்டும். வாடகையும் அட்வான்ஸும் கலந்துவிட்டால் கடைசிக் கணக்கில் இருவருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும். மீதி ரூ.18,000 சாவி கைமாறும் அன்றே தரப்படும். அதில் ரூ.1,500 மட்டும் மின்கட்டணத்துக்காக நிறுத்தி வைக்கிறேன். அன்று மீட்டர் அளவை இருவரும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதப் பில் வந்ததும், அந்த அளவு வரையிலான உங்கள் பங்கு போக மிச்சத்தை அனுப்பிவிடுவேன்.

பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கம் ஊரில் உண்டு. நான் பிடிக்கவில்லை, நாங்கள் எப்படியும் அடிக்கத்தான் போகிறோம். ஆணித் துளை, சுவர்க் கறை, தேய்ந்த குழாய் இவையெல்லாம் புழங்கிய வீட்டில் இருப்பவைதான். உடைந்த வாஷ்பேசின், கதவு, ஜன்னல் கண்ணாடி போன்றவற்றுக்கு மட்டும், அதுவும் கடைப் பில்லைக் காட்டித்தான் கழிப்பேன். கீசரும் ஹாலில் உள்ள இரண்டு மின்விசிறிகளும் வீட்டைச் சேர்ந்தவை. ஏ.சி., இன்வெர்ட்டர் உங்களுடையவை, கழற்றிக்கொள்ளலாம். இன்வெர்ட்டருக்காக இழுத்த ஒயரை மட்டும் அறுக்காமல் எலக்ட்ரீசியனை வைத்துப் பிரித்துவிடுங்கள். போன முறை மேல்தளத்தில் அப்படி அறுத்ததில் ஒரு பக்கம் முழுக்க மின்சாரம் வரவில்லை.

கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் முகவரியைப் புது வீட்டுக்குப் போனதும் மாற்றிக்கொள்ளவும். மே மாதத்தில் ஒரு ஞாயிறு காலை கொத்தனாரும் பிளம்பரும் அளவெடுக்க வருவார்கள். முதல் நாளே உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் அனுப்புவேன். புது வீட்டுக்காரர் விசாரித்தால் என் எண்ணைக் கொடுங்கள். நான்கு வருடமாக வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை என்பதை எழுதிக் கையெழுத்திட்டும் தருகிறேன்.

இக்கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் வருகிறது. இன்னொரு பிரதியை என் மைத்துனர் நேரில் கொண்டு வருவார். பெற்றுக்கொண்டதற்கு அதில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தக் கையெழுத்து கடிதம் கிடைத்ததற்கு மட்டுமே. வேறு எதற்கும் நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஏதேனும் பேச வேண்டுமானால் மாலை 7 மணிக்கு மேல் அழையுங்கள்.

இப்படிக்கு,
மு. சுந்தரராசன்

பெற்றுக்கொண்டேன்: க. செந்தில்குமார் (கையெழுத்தும் தேதியும்)