மூன்று நிமிடம்

கத்திரி தொடங்கி நான்காம் நாள். பொன்மலைப்பட்டியில் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி இரண்டரை. ஐந்து மாதமாக ரஃபி அண்ணனுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போன முத்துக்குமாருக்கு இன்றுதான் தனியாக முதல் வேலை. அண்ணன் இரண்டு தெரு தள்ளி ஒரு வங்கியில் ஏசி கேஸ் லீக் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான்: "பையைத் திறக்கிறதுக்கு முன்னாடி வாயைத் திற. கடைசியா எப்படி ஓடுச்சு, அதுக்கப்புறம் வீட்டுல என்ன நடந்துச்சு, யார் கை வெச்சாங்க. இந்த மூணையும் கேளு."

கதவைத் திறந்த தாத்தாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பையனையும் பையையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஒத்தையாவா வந்திருக்க?"

"ஆமா தாத்தா. அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு."

படுக்கையறையில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. பழைய வகை, இன்வெர்ட்டர் கிடையாது. பாட்டி கட்டிலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணுது பாட்டி?"

"ஒண்ணுமே பண்ணலப்பா. காத்து வராம இருந்தாக்கூட அது ஒரு கணக்கு. இது சத்தமே இல்ல. ரிமோட்டை அமுக்குனா 'கீ'ன்னு கத்தும்ல, அதுவும் இல்ல."

"எப்பேர்ந்து?"

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் காத்தும் மழையுமா அடிச்சுச்சே, அப்பேர்ந்து. திடீர்னு லைட்டெல்லாம் பளீர்னு எரிஞ்சுச்சு. கண்ணு கூசிப்போச்சு. ஹால் பல்பு ஒண்ணு பட்டுனு போச்சு. அப்புறம் கரண்ட்டே இல்ல. ராத்திரி லைன்மேன் வந்து போஸ்ட்டுல ஏறி என்னமோ கட்டிட்டுப் போனாரு."

லைட் மங்கியிருந்தால் ஒரு பக்கம் தேட வேண்டும், பளீரென்று எரிந்திருந்தால் வேறு பக்கம். தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டில் லைட் மங்கும். இன்னொரு வீட்டில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறும். முத்துக்குமாரின் கண் தானாக ஏசிக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. அங்கே ஸ்டெபிலைசர் இல்லை. சுண்ணாம்பு மங்கிய சுவரில் ஒரு நீள்சதுரம் மட்டும் புதிதாக வெள்ளையடித்ததுபோல் இருந்தது. மேலே இரண்டு திருகாணிகள் துருத்திக்கொண்டிருந்தன. ஏசியின் பிளக் நேரே சுவர் சாக்கெட்டில் இருந்தது.

மூன்றாவது கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவன் கேட்கவில்லை.

முதலில் ரிமோட். செல்போன் கேமராவை அதன் மூக்குக்கு நேரே பிடித்து அமுக்கினான். திரையில் ஊதாப் புள்ளி மின்னியது, ரிமோட் நல்லாயிருக்கிறது. ஏசியின் முன்மூடியைத் தூக்கி உள்ளே இருக்கும் எமர்ஜென்சி பட்டனை அமுக்கினான். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அடுத்து சாக்கெட். மீட்டரை ஏசி வோல்ட் 600-ல் வைத்துவிட்டோமா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டுதான் குச்சியை நுழைத்தான். 231. பிளக் முள் மூன்றிலும் கருகல் இல்லை.

எம்சிபியை இறக்கி, அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினான்.

"அது எதுக்கு?" என்றார் தாத்தா.

"வேற யாரும் தெரியாமத் தூக்கிடக் கூடாதுல்ல."

"நாங்க சிவப்பு அட்டை தொங்கவிடுவோம்" என்றார் அவர். பிறகு தானே போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, காலால் அசைத்துப் பார்த்தார்.

ஃபில்டர் இரண்டையும் உருவி, வலது ஓரத்து மூடியின் திருகைக் கழற்றினான். டெர்மினல் பிளாக் தெரிந்தது. கைகளை விலக்கிக்கொண்டு தாத்தாவை எம்சிபியைத் தூக்கச் சொல்லி அளந்தான்: அங்கேயும் 231. மறுபடி இறக்கச் சொன்னான். ஆக, கரண்ட் ஏசியின் வயிறு வரை வருகிறது, போர்டுக்குள் போகவில்லை. எந்த ஒயர் எங்கே என்று மூன்று போட்டோ எடுத்துக்கொண்டு, அவுட்டோருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கினான். பிறகு போர்டை இழுத்தான்.

கண்ணாடி ஃபியூஸ் உள்ளே கறுத்து, பாதரசம் பூசியதுபோல் மினுங்கியது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், ஃபியூஸ் வயசாகி மெதுவாகப் போயிருக்கலாம். இப்படிக் கறுத்திருந்தால் உள்ளே ஏதோ நேரடி ஷார்ட். விளிம்பில் T3.15A 250V என்று இருந்தது.

மாத்திரை டப்பாவில் 3.15 இரண்டும் 5 ஆம்பியர் நான்கும் கிடந்தன. 3.15-ஐயே எடுத்தான். பெரிய ஃபியூஸ் போட்டால் தாங்கும்தான். ஆனால் ஃபியூஸ் சாகவேண்டிய இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் சாகும். போட்டதும் நேரே பிளக்கைச் சொருகக் கை போனது. ஞாபகம் வந்து பையிலிருந்து சீரிஸ் போர்டை எடுத்தான். ஒரு சாக்கெட்டும் 100 வாட் குண்டு பல்பும் வரிசையாக மாட்டிய பலகை அது. உள்ளே ஷார்ட் இருந்தால் வோல்டேஜ் முழுக்கப் பல்பிலேயே விழும், ஃபியூஸ் பிழைக்கும்.

பலகையை வேறு சாக்கெட்டில் மாட்டி, ஏசி பிளக்கை அதில் சொருகி ஸ்விட்சைத் தட்டினான். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. ஏசி பேசவில்லை.

பாட்டி முகம் மலர்ந்தது. "வந்துருச்சா?"

"இல்ல பாட்டி. இது எரியக் கூடாது."

வியர்வை புருவத்தில் இறங்கியது. ரஃபி அண்ணனுக்கு போன் போட்டான். பின்னால் நைட்ரஜன் சீறும் சத்தத்தோடு அண்ணன் கேட்டார்: "ஃபியூஸுக்கு அந்தாண்ட முதல்ல என்னடா இருக்கு?" அவ்வளவுதான். லைனைத் துண்டித்துவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். ஃபியூஸை அடுத்து கறுப்பு ஸ்லீவ் போட்ட ஒரு வில்லை. ஸ்லீவை நகத்தால் சுரண்டினான். உள்ளே நீல நிற வேரிஸ்டர். நெற்றியில் ஒரு வெடிப்பு, வெடிப்பைச் சுற்றிப் புகைக் கறை. மூக்கருகில் கொண்டுபோனால் தீய்ந்த வாடை இன்னும் இருந்தது. ஃபியூஸை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தான், ஷார்ட் இருந்தால் கத்தும். பீப். ஆனால் அதை நம்பி முடிவு கட்டக் கூடாது, அதனோடு சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரும் அதே இரண்டு புள்ளியில்தான் நிற்கிறது. வேரிஸ்டரின் ஒரு காலை மட்டும் வெட்டிவிட்டு இரண்டையும் தனித்தனியே அளந்தான். வேரிஸ்டர் பீப். டிரான்ஸ்ஃபார்மர் 420 ஓம். அது உயிரோடு இருக்கிறது.

"தாத்தா, இத பாருங்க" என்றான். தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது சும்மா இருக்கிறப்ப கரண்ட்டை விடாது. வோல்டேஜ் அளவுக்கு மேல ஏறுனா மட்டும் வழி விடும். விட்டதும் ஃபியூஸ் போயிரும். தான் செத்து மத்ததைக் காப்பாத்தியிருக்கு."

"எதனால ஏறுச்சு?"

பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். முத்துக்குமார் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மழை நேரம்ல தாத்தா, எங்கயாவது இடி இறங்கியிருக்கும்."

தாத்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, ஒர்க்‌ஷாப்புல மெஷின் நின்னா ரிஜிஸ்டர்ல காரணம் எழுதணும். தப்பா எழுதுனா, அடுத்த ஷிப்ட்டுக்காரன் அதே மெஷின்ல கை வைப்பான். இடியெல்லாம் இல்ல. ஸ்டெபிலைசரை நான்தான் கழட்டுனேன். கட்டிலுக்கு அடியில இருக்கு."

விசிறி நின்றது.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்குன்னீங்க?"

"ராத்திரி டொக்கு டொக்குன்னு அடிக்குது, ஒவ்வொரு தடவையும் நீ எந்திரிச்சு உக்காந்துக்கிற. நாலு மாசமாப் பாத்தேன். கழட்டுனதுலேர்ந்து நல்லாத் தூங்குன."

"கரண்ட்டு நல்லா வருதுன்னு நெனச்சேன்" என்றார் பாட்டி. கொஞ்ச நேரம் கழித்து, "அறுபது வயசு வரைக்கும் மெஷின் பாத்த மனுசன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

டப்பாவில் 14D471 ஒன்று இருந்தது. 471 என்றால் 470 வோல்ட், பழையதிலும் அதே எண்தான். 25 வாட் சால்டரிங் அயர்ன் சூடேறியதும் பழைய கால்களை உருகவைத்து எடுத்து, புதியதைச் சொருகி ஈயம் வைத்தான். ஸ்லீவையும் மறக்காமல் மாட்டினான். மறுபடி வெடித்தால் துண்டு தெறிக்காமல் இருக்கத்தான் அது. மறுபடி சீரிஸ் போர்டு, மறுபடி ஸ்விட்ச்.

பல்பு எரியவில்லை. மேலே "கீ" என்று ஒரு சத்தம்.

அடுப்படியில் டம்ளர் வைக்கும் சத்தம் நின்றது.

இனி ஸ்டெபிலைசர். கட்டிலுக்கு அடியில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார் தாத்தா. 4 கேவிஏ, நல்ல கனம். சுவரில் துருத்திய திருகாணிகளைத் தொட்டதுமே ஆடின, சுவர்த் துளைக்குள் இருந்த பிளாஸ்டிக் பிளக் நொறுங்கியிருந்தது. உள்ளே ரிலே மாறும்போது பெட்டி அதிர்ந்து சுவரைத் தட்டியிருக்கிறது. கட்டிலின் தலைமாடு அதே சுவரில். "ரிலே சத்தம் வரத்தான் செய்யும் தாத்தா. டொக்குன்னு சுவர் அடிக்கிறதை நிறுத்தலாம்." ஜன்னலை ஒட்டிய அடுத்த சுவரில் புதிதாகத் துளை போட்டு 8 எம்எம் பிளக் இறக்கினான். பெட்டிக்குப் பின்னால் வைக்க ரப்பர் வாஷர் தேடியபோது, தாத்தா ஒரு பழைய சைக்கிள் டியூபைக் கொண்டுவந்தார். கத்தரித்து நான்கு மூலையிலும் மடித்து வைத்தவர் அவர்தான். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு.

அவுட்டோர் ஒயர்களைப் போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் பழையபடி மாட்டி, டெர்மினல் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, ஒயரை இழுத்துப் பார்த்தான். பிளக் ஸ்டெபிலைசருக்கு. எம்சிபி மேலே. ரிமோட்டில் 24.

காற்று வந்தது, வெறும் காற்று. வெளியே அவுட்டோர் சும்மா நின்றது.

"இன்னும் ஓடலையே" என்றார் தாத்தா.

"மூணு நிமிசம் தாத்தா. கரண்ட் போய் வந்ததும் கம்ப்ரசர் உடனே எடுக்காது. உள்ள ரெண்டு பக்கமும் கேஸ் பிரஷர் சமமாகணும்."

மூவரும் நின்றார்கள். பாட்டி மோர் டம்ளரை நீட்டினார், அவன் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். கெபாசிட்டர் போயிருந்தால்? கம்ப்ரசரும் அடிபட்டிருந்தால்? சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தான். இரண்டாவது சுற்று முடிந்தது. மூன்றாவதில் பாதி தாண்டியது.

டக். வெளியே ஃபேன் சுழன்றது, கம்ப்ரசரின் கனத்த முனகல் ஜன்னல் வழியே வந்தது.

கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டினான். 6.9 ஆம்பியர். கால் மணி நேரம் கழித்து ஏசியின் வாயில் 18 டிகிரி, அறையில் 32. மோரைக் குடித்தான்.

ஜாப் கார்டில் 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. தாத்தா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். எழுதினான்: 'ஸ்டெபிலைசர் இல்லாமல் நேரடி இணைப்பு. நியூட்ரல் அறுந்து ஓவர் வோல்டேஜ். வேரிஸ்டர், ஃபியூஸ் மாற்றம்.'

தாத்தா படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சுவரில் ஸ்டெபிலைசர் ரிலே ஒரு தடவை மாறியது. டிக் என்று சின்னதாக. இருவரும் பாட்டியைப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.