படிவம் ஆறு, கணிதம்: பாய்சான் பரவல், ஒரு கேள்வியும் விடையும்

கேள்வி

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். குடியிருப்பில் குழாயில் தண்ணீர் வராதது, தெருவிளக்கு எரியாதது போன்ற புகார்களைக் கேட்க, தோட்ட அலுவலகத்தில் உதவி மையம் ஒன்று இயங்குகிறது. காலை 8 மணி முதல் 12 மணி வரை மணிக்குச் சராசரி 6 அழைப்புகள், பாய்சான் பரவலின்படி வருகின்றன. அங்கிருக்கும் ஒரே கிராணியால் மணிக்கு 8 அழைப்புகளுக்கே பதில் சொல்ல முடியும். அதற்கு மேல் வருபவை பதிவுக் கருவிக்குப் போய்விடும்.

(அ) ஒரு மணி நேரத்தில் சரியாக 4 அழைப்புகள் வருவதற்கான நிகழ்தகவு என்ன? [2 புள்ளி]
(ஆ) கிராணி 20 நிமிடம் தேநீருக்குப் போகிறார். அந்நேரத்தில் ஓர் அழைப்பும் வராதிருக்க நிகழ்தகவு என்ன? [2 புள்ளி]
(இ) காலை நான்கு மணி நேரத்தில், ஒரு மணி நேரத்திலாவது அழைப்பு பதிவுக் கருவிக்குப் போக நிகழ்தகவு என்ன? [4 புள்ளி]
(ஈ) ஒரு நாள் 10 மணியிலிருந்து 11 மணிக்குள் 15 அழைப்புகள் வந்தன. பெரிய குழாய் உடைந்ததாம். பாய்சான் பரவல் அந்த மணி நேரத்துக்குப் பொருந்துமா? காரணம் கூறுக. [3 புள்ளி]

விடை

(அ) P(X = 4) = e^(-6) × 6^4 / 4! = 0.1339.

(ஆ) மணிக்கு 6 என்றால் 20 நிமிடத்துக்கு 2. அதனால் λ = 2, e^(-2) = 0.1353. பலர் 6-ஐ அப்படியே போட்டு 0.0025 என்று எழுதிவிடுகிறார்கள். கேட்ட நேரத்துக்கு ஏற்ப λ-வை மாற்றிய பிறகே சூத்திரத்தைத் தொட வேண்டும்.

(இ) இங்கே இரண்டு படிகள். முதலில் ஒரு மணி நேரத்தை மட்டும் பாருங்கள். 8-க்கு மேல் வரவேண்டும், 8 வந்தால் கிராணியே சமாளித்துவிடுவார். அட்டவணைப்படி P(X ≤ 8) = 0.8472. அப்புறம், ஒன்றோடொன்று மோதாத மணி நேரங்களில் வரும் அழைப்புகள் சார்பற்றவை என்பதால் நான்கையும் பெருக்கலாம்:

1 − (0.8472)^4 = 0.485

தனி மணி நேரத்துக்கு 0.153 தான். காலை முழுவதும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. இன்னொரு கிராணி வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்க இந்த எண்ணே போதும். டென்மார்க்கின் எர்லாங் 1909-ல் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்தபோதும் கையில் எடுத்தது இதே பரவலைத்தான்.

(ஈ) பொருந்தாது. λ = 6 எனில் P(X ≥ 15) = 0.0014. ஆனால் எண் சிறியது என்று மட்டும் எழுதினால் 1 புள்ளிதான். குழாய் உடைந்தால் அந்த வரிசை வீடுகள் எல்லாம் ஒரே காரணத்துக்காக அழைக்கும். அழைப்புகள் சார்பற்றவை என்ற நிபந்தனை உடைகிறது. அந்த மணி நேரத்தின் சராசரி வீதமும் 6 ஆக நிற்காது. இவ்விரண்டையும் சொன்னால் மீதி 2 புள்ளி.